திங்கட்கிழமை ஒன்பது மணி மீட்டிங்கை நாங்கள் எப்படி நிறுத்தினோம்

நான் மலேசியாவின் பினாங்கில், பிறை என்ற ஊரில் ஒரு அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் உற்பத்தித் திட்டமிடும் பிரிவில் வேலை செய்கிறேன். பினாங்குப் பாலத்துக்கு அந்தப் பக்கம், தீவில், பாயான் லெப்பாஸில் உள்ள தொழிற்சாலைகளுக்குத்தான் எங்கள் பெட்டிகள் அதிகமாகப் போகும். எங்களிடம் வாரா வாரம் திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஒரு மீட்டிங் நடந்துகொண்டிருந்தது. பதினான்கு பேர், ஒரு மணி நேரம், பல நாள் ஒன்றேகால் மணி நேரம். போன வருடம் அதை நிறுத்தினோம். சரியாகச் செய்தது என்ன, தவறவிட்டது என்ன என்று எழுதி வைத்தால், இதே நிலைமையில் இருக்கும் யாருக்காவது உதவும் என்று நினைக்கிறேன்.

அந்த மீட்டிங் தொடங்கியது 2020 மார்ச்சில். 18ஆம் தேதி மக்கள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்ததும், யார் வேலைக்கு வரலாம், அமைச்சின் அனுமதிக் கடிதம் யார் கையில் இருக்கிறது, எந்த லோரி பாலத்தைத் தாண்டலாம், காகிதச் சுருள் எப்போது வரும் என்று எல்லாமே வாரத்துக்கு வாரம் மாறியது. அன்றைக்கு அந்த மீட்டிங் இல்லையென்றால் கம்பெனி ஓடியிருக்காது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் 2022 ஏப்ரல் 1ஆம் தேதி நாட்டின் எல்லைகள் திறந்து, எல்லாம் பழையபடி ஓட ஆரம்பித்த பிறகும் மீட்டிங் மட்டும் அப்படியே தொடர்ந்தது. ஒவ்வொருவராகச் சுற்றிவந்து அவரவர் பிரிவின் சேதியைச் சொல்வார்கள், மற்றவர்கள் தங்கள் முறைக்குக் காத்திருப்பார்கள்.

இதற்கு நாங்கள் கொடுத்த விலை பலருக்குக் கண்ணில் படவில்லை. லோரி ஏற்றும் இடத்தைக் கவனிக்கும் அண்ணனும் அந்தப் பதினான்கு பேரில் ஒருவர். அவர் வந்து கையெழுத்துப் போடாமல் முதல் லோரி கிளம்ப முடியாது. திங்கட்கிழமை அது பத்தரைக்குக் கிளம்பி, பாலம் தாண்டி, வாடிக்கையாளரின் வாசலில் வரிசையில் நிற்கும்போதே சாப்பாட்டு நேரம் வந்துவிடும். அப்புறம் ஒன்றரைக்குத்தான் இறக்குவார்கள். அன்றைக்கு இரண்டாவது நடை போகாது. இது ஒவ்வொரு திங்களும் நடந்தது, நாங்களோ திங்கட்கிழமை என்றாலே அப்படித்தான் என்று பழகியிருந்தோம்.

உடனே போய் "நிறுத்தலாம்" என்று சொல்லாமல், நான்கு வாரம் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தேன். யார் எதைச் சொன்னாலும் ஒரு வரி. பக்கத்தில் ஒரு குறி: இது வெறும் சேதியா, இரண்டு பேருக்கு இடையில் முடிய வேண்டியதா, இங்கே முடிவெடுத்தார்களா, இல்லை யாருக்கும் முன்பே தெரியாத புது விஷயமா. நான்கு வாரத்தில் 58 வரிகள் வந்தன. அதில் 37 வெறும் சேதி, பெரும்பாலும் வெள்ளிக்கிழமையே வாட்ஸ்அப்பில் போனவை. 13 விஷயங்கள் இரண்டு பேர் பேசி முடிக்க வேண்டியவை. முடிவு எடுத்தது ஐந்து. புதிதாக அங்கேதான் தெரிந்தது மூன்று.

இந்தக் கணக்கைப் பார்த்ததும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது. நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் நினைத்தேன். அந்தக் கணக்கு, பேசப்பட்டதை மட்டுமே காட்டுகிறது. அந்த மீட்டிங் இருப்பதாலேயே வெளியே நடக்கும் வேலைகளை அது காட்டவில்லை. அதைத் தெரிந்துகொள்ள ஒவ்வொருவரிடமும் தனியாகப் போய், "திங்கட்கிழமை மீட்டிங் இல்லையென்றால் உங்களுக்கு எது நின்றுபோகும்?" என்று கேட்டேன். "மீட்டிங் தேவையா?" என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் பாதிப் பேர் மரியாதைக்குத் "தேவைதான்" என்பார்கள், மீதிப் பேர் சலிப்பில் "வேண்டாம்" என்பார்கள், இரண்டிலும் நமக்கு ஒன்றும் கிடைக்காது.

ஸ்டோர் அக்காவிடம் கேட்டபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "தம்பி, போஸ் என் முகத்தப் பார்க்கிறதே அங்கதான். அது இல்லன்னா நான் அவர் ரூம் கதவத் தட்டணும். பதினெட்டு வருசத்துல ஒரு தடவைகூட தட்டினதில்ல" என்றார். விற்பனைப் பிரிவில் இருந்தவர் சொன்னது வேறு. ஒரே நாளில் இரண்டு வாடிக்கையாளர்களின் ஆர்டர் மோதும்போது யாருடையது முதலில் என்று எல்லோர் முன்னாலும் கேட்டு வாங்க அவருக்கு அந்த இடம் வேண்டியிருந்தது. மூன்றாவதை யாரும் சொல்லவில்லை, நானே கவனித்தேன்: திட்டத்தாளை எல்லோரும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஓடி ஓடி நிரப்பியது, திங்கட்கிழமை எல்லோர் முன்னாலும் கேள்வி வரும் என்பதால்தான். மீட்டிங் போனால் அந்தக் கெடுவும் போய்விடும்.

ஆக மூன்று வேலைகள். மேலிடத்தை அணுக ஒரு வழி, முன்னுரிமைத் தகராறைத் தீர்க்க ஒரு இடம், தகவலைப் புதுப்பிக்க ஒரு கெடு. எதுவுமே நிகழ்ச்சி நிரலில் இல்லை. இந்த மூன்றுக்கும் வேறு இடம் காட்டாமல் மீட்டிங்கை எடுத்தால், ஒரு மாதத்தில் அது வேறு பெயரில் திரும்பி வந்துவிடும்.

அடுத்தது போஸ். அந்த மீட்டிங்கை ஆரம்பித்தவரே அவர்தான். அந்தக் கஷ்ட காலத்தில் கம்பெனியைக் காப்பாற்றிய ஒன்று அது, அவருக்கு அதன் மேல் பற்று இருப்பது நியாயம். அதனால் அவரிடம் என் 58 வரிக் கணக்கை முதலில் நீட்டவில்லை. "நீங்கள் திங்கட்கிழமை அறைக்குள் வரும்போது மனதில் என்ன கேள்வியோடு வருகிறீர்கள்?" என்று கேட்டேன். அவர் யோசித்து மூன்று சொன்னார்: இந்த வாரம் எந்த ஆர்டர் தாமதமாகும், காகிதச் சுருள் இன்னும் எத்தனை நாளுக்கு வரும், யாருக்காவது அடிபட்டதா. இந்த மூன்றுக்கும் பதில் வெள்ளிக்கிழமை காலையிலேயே, திங்கள் வரை காத்திருக்காமல், அவர் கைக்கு வந்தால் போதுமா என்றேன். போதும், ஆனால் சோதித்துப் பார்க்காமல் நிறுத்த வேண்டாம் என்றார். அதுவே நல்ல வழியாகவும் அமைந்தது. ஆறு வாரம் நிறுத்தி வைப்பது, ஆறாவது வாரக் கடைசியில் அவர் முடிவு சொல்வது. "ரத்து" என்று சொல்லியிருந்தால் எதிர்த்திருக்கக் கூடியவர்கள் "ஆறு வாரம்தானே, பார்ப்போம்" என்று ஒத்துக்கொண்டார்கள்.

எல்லோருக்கும் அனுப்பிய அறிவிப்பில் நான்கே விஷயங்கள். எது நிற்கிறது, எந்தத் தேதியிலிருந்து. இதுவரை அங்கே சொன்னதை இனி எங்கே சொல்வது. அவசரம் என்றால் யாரைக் கூப்பிடுவது. எந்தத் தேதியில் மறுபடி முடிவெடுப்போம். மீட்டிங் வீண் என்று ஒரு வார்த்தை எழுதவில்லை. அதை நாலு வருடம் நடத்தியவர்களும் அதில் உழைத்தவர்களும் அந்தக் கடிதத்தைப் படிப்பார்கள்.

மீட்டிங்குக்குப் பதிலாக வந்தது ஒரு பக்கக் குறிப்பு. வியாழக்கிழமை மாலை நாலு மணிக்குள் ஒவ்வொரு பிரிவும் தன் வரியை நிரப்ப வேண்டும். வெள்ளி காலை நான் தொகுத்து அனுப்புவேன். முதலில் கெடுவை வெள்ளி மதியம் என்று வைக்க நினைத்தோம், ஆனால் வெள்ளிக்கிழமை தொழுகைக்காக நடுவில் நீண்ட இடைவேளை, அதற்குப் பிறகு ஆட்களைப் பிடிப்பது சிரமம். குறிப்பு மலாயில்தான் எழுதினோம், எல்லோரும் படிக்கக் கூடியது அதுதான். அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு மின்னஞ்சல். ஆலைத் தளத்தில் இருப்பவர்களுக்கு ஏ4 தாளில் அச்சடித்து, வருகை பதியும் இயந்திரத்துக்குப் பக்கத்துச் சுவரில், கண்ணுக்கு நேராக ஒட்டினோம்.

குறிப்பின் தலையில் போஸின் மூன்று கேள்விக்கும் பதில். அதன் கீழே ஒவ்வொரு பிரிவுக்கும் போன வாரத்திலிருந்து என்ன மாறியது என்று மட்டும். ஒன்றும் மாறவில்லை என்றால் "மாற்றமில்லை" என்று எழுத வேண்டும், வெறுமனே விடக் கூடாது. இது சின்ன விஷயம்போல இருக்கும். ஆனால் வெறும் கட்டத்தைப் பார்த்தால், மாற்றமே இல்லையா, இல்லை அவர் நிரப்ப மறந்துவிட்டாரா என்று தெரியாது. பிறகு ஒவ்வொருவரும் போன் போட்டுக் கேட்பார்கள், குறிப்பு இருந்தும் பயனில்லை. நாலு மணிக்கு யாருடைய கட்டம் வெறுமையாக இருக்கிறதோ அவர் பெயரை அப்படியே "வரவில்லை" என்று போட்டு அனுப்பினேன். முதல் இரண்டு வாரம் மூன்று பேர் அப்படி வந்தார்கள். மூன்றாவது வாரத்திலிருந்து யாரும் இல்லை. திங்கட்கிழமையின் கெடு வியாழக்கிழமைக்கு இடம் மாறிவிட்டது.

இடையில் ஒரு தொழில்நுட்பத் தொல்லை. அந்த மீட்டிங்கை நாட்காட்டியில் போட்டவர் வேலையை விட்டுப் போய் ரொம்ப நாளாகிறது. எல்லோருடைய அவுட்லுக்கிலும் அது ஒவ்வொரு திங்களும் வந்துகொண்டே இருந்தது, மீட்டிங் அறையும் அந்த நேரத்துக்கு யாருக்கும் கிடைக்காமல் பூட்டிக் கிடந்தது. அழைத்தவரைத் தவிர வேறு யாராலும் எல்லோருக்குமாகச் சேர்த்து அதை ரத்து செய்ய முடியாது. நாம் அழித்தால் நம் நாட்காட்டியில் மட்டும்தான் போகும். நல்லவேளையாக அவருடைய அஞ்சல் பெட்டி இன்னும் அழிக்கப்படவில்லை. ஐடி தம்பி நிர்வாகி உரிமையோடு எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில் இதை ஓட்டினார்:

```
Remove-CalendarEvents -Identity organizer@example.com -CancelOrganizedMeetings -QueryWindowInDays 365 -PreviewOnly
```

கடைசியில் உள்ள `-PreviewOnly` முக்கியம். இந்தக் கட்டளை அந்த ஒரு மீட்டிங்கை மட்டும் தொடாது, அந்தக் காலத்துக்குள் அவர் பெயரில் இருக்கும் எல்லா மீட்டிங்குகளையும் ரத்து செய்யும். அதனால் முதலில் பட்டியலை மட்டும் பார்த்து, வேண்டியவற்றை வேறொருவர் பெயரில் புதிதாகப் போட்டுவிட்டு, பிறகுதான் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு உண்மையாக ஓட்ட வேண்டும். அழைத்தவர் இன்னும் வேலையில் இருந்தால் இவ்வளவு வேண்டியதில்லை. ஆனால் அவரும் முழுத் தொடரையும் ரத்து செய்யாமல், தொடரின் கடைசித் தேதியை முன்னால் கொண்டுவருவது நல்லது. முழுவதும் ரத்து செய்தால் பழைய தேதிகளும் அதில் இணைத்த குறிப்புகளும் நாட்காட்டியிலிருந்து சேர்ந்து போய்விடும்.

இரண்டாவது வாரத்தில் ஒன்று கவனித்தேன். திங்கட்கிழமை ஒன்பதரைக்கு விற்பனைப் பிரிவு ஆட்கள் இரண்டு பேர் போஸ் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தார்கள். மீட்டிங் சின்னதாகி உள்ளே போய்விட்டது. அவர்கள் மேல் கோபப்பட ஒன்றுமில்லை. யாருடைய ஆர்டர் முதலில் என்ற முடிவுக்கு நான் இன்னும் ஒழுங்கான இடம் காட்டவில்லை, "அப்போதைக்கு அப்போது பேசிக்கொள்ளலாம்" என்று விட்டிருந்தேன், அவர்கள் தாங்களே ஒரு இடம் தேடிக்கொண்டார்கள். உண்மையில் இந்த முடிவு வாரத்துக்கு ஒருமுறை எடுக்கிற முடிவே இல்லை. செவ்வாய்க்கிழமை இரண்டு ஆர்டர் மோதினால் அடுத்த திங்கள் வரை யார் காத்திருப்பது? அதனால், மோதல் வந்தால் அன்றைக்கே மாலை நாலு மணிக்கு, அந்த இரண்டு விற்பனையாளர்கள், நான், உற்பத்தி மேற்பார்வையாளர், நாலு பேர் மட்டும், என் மேசையில் நின்றபடி பதினைந்து நிமிடம் பேசுவது என்று வைத்தோம். முடிவையும் காரணத்தையும் திட்டத்தாளில் அந்த ஆர்டருக்கு நேராக ஒரு வரி எழுதிவிடுவோம். நாங்கள் நாலு பேரும் ஒத்துப்போகாவிட்டால் மட்டும் போஸிடம் போகும். காரணத்தை எழுதுவதால், விட்டுக்கொடுத்தவர் தன் வாடிக்கையாளரிடம் சொல்லவும் ஒன்று இருந்தது.

மூன்றாவது வாரம் பெரிய அடி. பாயான் லெப்பாஸில் ஒரு வாடிக்கையாளர் தன் கிடங்கில் புது அடுக்குச் சட்டங்கள் போட்டிருந்தார், இனி பேலட் உயரம் 1.2 மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்றார். அதை நான் குறிப்பில் எழுதினேன், எட்டாவது வரியில். வெள்ளி காலை எல்லோருக்கும் போனது, சுவரிலும் ஒட்டியிருந்தது. ஞாயிறு இரவு ஷிப்ட் பழையபடி அடுக்கியது. திங்கட்கிழமை லோரி சீக்கிரமே கிளம்பி, சீக்கிரமே போய்ச் சேர்ந்து, ஆறு பேலட்டை அப்படியே திருப்பி ஏற்றிக்கொண்டு பாலத்தைத் தாண்டி வந்தது. சரக்குப் பாதி நாள் தாமதம். "மீட்டிங் இருந்திருந்தால் இது நடந்திருக்காது" என்று கேன்டீனில் பேசினார்கள், எனக்கும் அது வலித்தது.

அவர்கள் சொன்னது உண்மையா என்று பின்னோக்கிப் பார்த்தேன். மீட்டிங்கில் இரவு ஷிப்ட் ஆட்கள் ஒருபோதும் உட்கார்ந்ததில்லை. முன்பெல்லாம் இப்படி ஒரு மாற்றம் வந்தால், பகல் ஷிப்ட் லீடர் மீட்டிங்கிலிருந்து வெளியே வந்து, சாயங்காலம் ஷிப்ட் மாறும்போது இரவு லீடரிடம் வாயால் சொல்வார். அந்தக் கைமாற்றம்தான் தகவலைக் கொண்டுபோனது. குறிப்பு எல்லோருக்கும் போகிறது என்றதும் அவர், இரவு லீடருக்கும் அது கிடைத்திருக்கும் என்று நினைத்து வாயால் சொல்வதை நிறுத்திவிட்டார். இரவு லீடருக்கோ மின்னஞ்சல் இல்லை, சுவரில் எட்டாவது வரியில் இருப்பது தன்னைப் பற்றியது என்று அவருக்குத் தெரிய வழியும் இல்லை.

அன்றிலிருந்து இரண்டையும் பிரித்துவிட்டோம். தெரிந்துகொண்டால் போதும் என்பது குறிப்பில் போகும். யாரோ ஒருவருடைய கை வேலையை மாற்றுகிற எதுவும், அந்த ஆளுக்குப் பெயரோடு தனியாகப் போகும், ஷிப்ட் ஒப்படைப்புப் புத்தகத்திலும் ஏறும், அவர் தன் வார்த்தையில் பதில் சொல்லும் வரை அது முடிந்ததாகக் கணக்கில்லை. "ஓகே" என்பதோ நீல டிக்கோ பதில் இல்லை. இரவு லீடரிடம் இதை முதல் முறை செய்தபோது அவர் கேட்டார்: "1.2 மீட்டர்னா எத்தன அடுக்கு அண்ணே?" அவர்கள் உயரத்தை அளப்பதே இல்லை, அடுக்கை எண்ணுகிறார்கள். அந்த வாடிக்கையாளரின் கட்டு ஒன்று 21 சென்டிமீட்டர், மரப் பேலட் 14. ஆறு அடுக்கு என்றால் 140 சென்டிமீட்டர், ஐந்து அடுக்கு என்றால் 119. "அப்ப அஞ்சுக்கு மேல போடக் கூடாது" என்று எழுதி அனுப்பினார். என் குறிப்பை அவர் நாலு முறை படித்திருந்தாலும் அது அவருக்கு உதவியிருக்காது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்த மீட்டிங்கில் சொல்லியிருந்தாலும் "1.2 மீட்டர்" என்றுதான் சொல்லியிருப்பேன்.

ஸ்டோர் அக்கா விஷயத்தை நான் போஸிடம் நேராகச் சொன்னேன், அவர் பெயரைச் சொல்லாமல், "சில பேருக்கு உங்களிடம் பேச அந்த மீட்டிங்தான் வழி" என்று. அவர் ஒன்றும் பதில் சொல்லவில்லை. அடுத்த செவ்வாய் பத்து மணிக்கு அவரே ஸ்டோருக்குள் நடந்து வந்தார், அதற்கு அடுத்த செவ்வாயும் வந்தார். ஐந்தாவது வாரம் அக்கா அவரைப் பின்பக்கம் கூட்டிப்போய், மழைத் தண்ணீர்க் குழாய் ஒழுகி, அடியில் இருந்த காகிதச் சுருள்களின் ஓரம் ஈரமாகி உப்பியிருந்ததைக் கையால் தொட்டுக் காட்டினார். அது பல மாதமாக இருந்த ஒழுகல். பதினான்கு பேர் முன்னால் அதைச் சொன்னால் பராமரிப்புப் பிரிவுக்காரரைக் குறை சொன்னதுபோல ஆகிவிடும் என்று அவர் சொல்லாமலே இருந்திருக்கிறார்.

இதெல்லாம் நன்றாகப் போகிறதா இல்லையா என்று எப்படி அளப்பது? நான் ஒன்றை மட்டும் எண்ணினேன். யாராவது, தனக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஒன்றைப் பற்றி "எனக்குத் தெரியாதே" என்று சொல்லும்போதெல்லாம் நோட்டில் ஒரு கோடு. மீட்டிங் நடந்த கடைசி நான்கு வாரத்தில் மொத்தம் மூன்று. நிறுத்திய ஆறு வாரத்தில் வரிசையாக இரண்டு, ஒன்று, நாலு, ஒன்று, பூஜ்யம், ஒன்று. அந்த நாலில் மூன்று, பேலட் பிரச்சினை வந்த அதே இரவு ஷிப்டில் வந்தவை என்பதைப் பார்த்துத்தான் பிரச்சினை குறிப்பில் இல்லை, இரவு ஷிப்டுக்குப் போகும் பாதையில் இருக்கிறது என்று உறுதியானது. மூன்றாவது வாரத்திலேயே பயந்து மீட்டிங்கைத் திரும்பக் கொண்டுவந்திருந்தால், இரவு ஷிப்ட் பழையபடி வெளியிலேயே இருந்திருக்கும்.

ஆறாவது வாரக் கடைசியில் போஸ் அந்தக் கோடுகளைப் பார்த்தார், ஒவ்வொன்றாக "இது என்ன, இது என்ன" என்று கேட்டார், பிறகு நிறுத்தலாம் என்றார். ஒரே ஒரு நிபந்தனை: புதிதாக வேலைக்குச் சேருபவரை முதல் வாரத்திலேயே நான் ஒவ்வொரு பிரிவுக்கும் கூட்டிப்போய் அறிமுகப்படுத்த வேண்டும், முன்பு அந்த மீட்டிங்கில்தான் அவர்கள் எல்லோருடைய முகத்தையும் பார்ப்பார்கள். இது எனக்குத் தோன்றவே இல்லை, அவருக்குத் தோன்றியது.

இப்போது என் கவலை குறிப்பைப் பற்றித்தான். நாலு மாதத்தில் அது ஒரு பக்கத்திலிருந்து இரண்டு பக்கம் ஆகிவிட்டது, ஆளாளுக்கு ஒரு வரி சேர்க்கிறார்கள். அதனால் ஒவ்வொரு பகுதிக்கும் பக்கத்தில் அதைக் கேட்டவர் பெயரை எழுத ஆரம்பித்தேன். யார் கேட்டார்கள் என்று தெரியாத இரண்டு பகுதிகளை, அதில் அவசரமாக ஒன்றும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, சொல்லாமல் இரண்டு வாரம் விட்டுப் பார்த்தேன். ஒன்றை யாரும் கேட்கவில்லை, எடுத்துவிட்டேன். மற்றொன்று பசை, மையின் இருப்பு. முதல் வெள்ளியே பத்து மணிக்கு அச்சுப் பிரிவு அண்ணன் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு என் மேசைக்கு வந்து, "தம்பி, மை எங்க?" என்றார். அதைத் திரும்பப் போட்டு, பக்கத்தில் அவர் பெயரை எழுதினேன்.